கணித ஒலிம்பியாடும் நம் கிராமப் பள்ளிகளும்

(ஊராட்சி ஒன்றிய உறுப்பினர்களும் விவசாயப் பிரதிநிதிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வழக்கமாக இக்கூட்டங்களில் நாம் கிணறு, சாலை, தெருவிளக்கு, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றியே பேசி வருகிறோம். இன்று ஒரு பரீட்சையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். பள்ளிக்கூடத்து விஷயத்தைப் பள்ளிக்கூடத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று தாங்கள் கருதக்கூடும். நாமும் அப்படித்தான் கருதியிருந்தோம். நம் எண்ணத்தை மாற்றியவர் ஒரு நிலக்கடலை விவசாயி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்டு மாதத்தில், ஒரு மேல்நிலைப் பள்ளியின் சுற்றுச்சுவர் வேலையைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். அங்கே அவர் நம்மிடம் வந்து, மடியிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்துக் காட்டினார். பொன்னிறப் பூச்சுப் பூசிய பதக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகள் ‘ஒலிம்பியாட்’ பரீட்சையில் பெற்றது என்றார். "ஐயா, இந்தப் பதக்கத்தை வைத்துக்கொண்டு அடுத்த பரீட்சைக்கு நாங்கள் எங்கே போக வேண்டும்?" என்று கேட்டார்.

நமக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொண்டு சொல்வதாகக் கூறி வந்தோம். பிறகு விசாரித்ததில் இரண்டு செய்திகள் கிடைத்தன. அந்தப் பதக்கத்திற்கு அடுத்த படி என்று ஒன்றும் இல்லை என்பது முதலாவது. உண்மையாகவே படிப்படியாக மேலே செல்லும் கணித ஒலிம்பியாடுக்குப் பெயர் பதியும் கெடு ஐந்து நாட்களுக்கு முன்புதான் முடிந்துவிட்டது என்பது இரண்டாவது. அந்தப் பெண்ணுக்கு ஓர் ஆண்டு போயிற்று. அதன் மதிப்பு எவ்வளவு என்பதைப் பின்னால் கணக்கிட்டுக் காட்டுகிறோம்.

முதலில் ‘ஒலிம்பியாட்’ என்ற சொல்லைப் பற்றி. இது யாருக்கும் தனியுரிமையான பெயரன்று. பல தனியார் நிறுவனங்கள் இப்பெயரில் பரீட்சை நடத்துகின்றன, கட்டணம் வாங்குகின்றன, வகுப்புக்கு இத்தனை பேர் என்று பதக்கம் வழங்குகின்றன. இவற்றை எழுதுவதில் குற்றம் ஏதும் இல்லை. பிள்ளைகளுக்குப் பழக்கம் உண்டாகலாம். ஆனால் அப்பரீட்சையில் எத்தனை பதக்கம் பெற்றாலும், நம் நாட்டின் பிரதிநிதியாகச் சர்வதேசப் போட்டிக்குச் செல்லும் ஏணியில் ஒரு படிகூட ஏறியதாகாது. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. "இதில் தேறினால் அடுத்து எந்தப் பரீட்சை? அதை நடத்துவது யார்?" என்று கேட்க வேண்டும். பதிலாக மேலும் ஒரு கட்டணமும், மேலும் ஒரு பதக்கமும், பரிசுப் பொருளும் சொல்லப்பட்டால் அது தனி வழி. மண்டலக் கணித ஒலிம்பியாட், ஹோமி பாபா மையம் என்று பதில் வந்தால் அதுவே நாம் தேடும் வழி.

அந்த ஏணியை இனிப் பார்ப்போம். சர்வதேசக் கணித ஒலிம்பியாட் 1959-ஆம் ஆண்டு ருமேனியாவில் ஏழு நாடுகளுடன் தொடங்கியது. இந்தியா அதில் முதன்முதலாகக் கலந்துகொண்டது 1989-இல். ஒவ்வொரு நாடும் ஆறு மாணவர்கள் வரை அனுப்பலாம். 2024-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்த போட்டியில் நம் நாட்டின் ஆறு பேர் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் ஒரு கௌரவக் குறிப்பும் பெற்று, நாட்டை நான்காம் இடத்தில் நிறுத்தினார்கள். அந்த ஆறு பேரைப் பொறுக்கி எடுப்பதற்காகவே கீழே இத்தனை படிகள் அமைந்திருக்கின்றன. மும்பையில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்கமாகிய ஹோமி பாபா அறிவியற் கல்வி மையம் இவ்வேலையை நடத்துகிறது. மத்திய சர்க்காரின் அணுசக்தித் துறையைச் சேர்ந்த உயர்கணித தேசிய வாரியம் ஆதரவு தருகிறது.

முதற்படியை ஆங்கில முதலெழுத்துகளால் ஐ.ஓ.க்யூ.எம். என்று அழைக்கிறார்கள். இந்திய ஒலிம்பியாட் கணிதத் தகுதித் தேர்வு என்று பொருள் கொள்ளலாம். இதை நடத்துவது இந்தியக் கணித ஆசிரியர் சங்கம். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்போர் எழுதலாம். வயது வரம்பும் உண்டு, அது ஆண்டுதோறும் அறிவிப்பில் வெளியாகும். சமீப ஆண்டுகளில் செப்டம்பர் மாதத்தின் முதல் அல்லது இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையில் இது நடைபெற்றிருக்கிறது. மூன்று மணி நேரம், முப்பது வினாக்கள், நூறு மதிப்பெண். பத்து வினாக்களுக்கு இரண்டிரண்டு, பத்துக்கு மும்மூன்று, பத்துக்கு ஐந்தைந்து மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.

இதில் தேறியவர்கள் அக்டோபர் இறுதியிலோ நவம்பர் முற்பகுதியிலோ மண்டலக் கணித ஒலிம்பியாட் எழுதுவார்கள். அங்கே மூன்று மணி நேரத்தில் ஆறே வினாக்கள். அதில் தேறியவர்களுக்கு ஜனவரி மாதத்தில் இந்திய தேசியக் கணித ஒலிம்பியாட். அதிலும் ஆறு வினாக்கள்தாம். நேரம் நாலரை மணி. அதற்கும் மேலே கோடை விடுமுறையில் ஏறக்குறைய ஒரு மாதப் பயிற்சி முகாம் உண்டு. அம்முகாமில் நடத்தும் தேர்வுகளிலிருந்தே அறுவர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

மேலே செல்லச் செல்ல ஒரு வினாவுக்குக் கிடைக்கும் நேரம் கூடுவதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். படிக்குப் படி வினா கடினமாவது மட்டும் அதற்குக் காரணமன்று; கேட்கும் விதமே மாறிவிடுகிறது. அதை ஒரு தேங்காய்க் குவியலைக் கொண்டு விளக்கிவிடலாம்.

ஒரு களத்தில் தேங்காய்கள் குவிந்திருக்கின்றன. ஏழேழாகக் கூறு வைத்தால் மூன்று மிஞ்சுகிறது. ஒன்பதொன்பதாகக் கூறு வைத்தால் நான்கு மிஞ்சுகிறது. தேங்காய் ஐம்பதுக்கு மேல், நூறுக்குள். எத்தனை தேங்காய்? ஒன்பதால் வகுத்து நான்கு மிஞ்சும் எண்களை எழுதிப் பாருங்கள்: 4, 13, 22, 31 என்று போகும். இவற்றில் ஏழால் வகுத்து மூன்று மிஞ்சுவது 31. இனி ஏழுக்கும் ஒன்பதுக்கும் பொதுவான 63-ஐக் கூட்டினால் இரண்டு மிச்சங்களும் மாறா. ஆகவே அடுத்த எண் 94. ஐம்பதுக்கு மேல் நூறுக்குள் இது ஒன்றுதான். விடை 94. முதற்படியில் கேட்பது இவ்வகை வினா. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை, எண்ணை மட்டும் குறித்தால் போதும். எல்லா விடைகளும் 00 முதல் 99 வரையுள்ள முழு எண்களாகவே அமைந்திருக்கும்.

அடுத்த படியிலோ வினா இப்படி வரும்: ‘ஆறாறாகக் கூறு வைத்தால் மூன்றும், ஒன்பதொன்பதாகக் கூறு வைத்தால் நான்கும் மிஞ்சக்கூடிய குவியல் ஒன்றும் இருக்க முடியாது என்று நிறுவுக.’ இதற்கு எண் ஒன்றைக் கண்டுபிடிக்க இடமே இல்லை. நூறு குவியலைச் சோதித்து இல்லை என்று சொன்னாலும் விடையாகாது. நூற்றோராவது குவியல் எப்படியோ? காரணம் காட்ட வேண்டும். ஆறாறாக வைத்து மூன்று மிஞ்சினால், அந்த எண் மூன்றால் மீதியின்றி வகுபடும். ஒன்பதொன்பதாக வைத்து நான்கு மிஞ்சினால், அதே எண்ணை மூன்றால் வகுக்கும்போது ஒன்று மிஞ்சும். ஒரே எண் மூன்றால் வகுபடவும் வேண்டும், ஒன்று மிஞ்சவும் வேண்டும் என்பது நடவாத காரியம். இவ்வளவையும் மாணவன் தாளில் வாக்கியமாக எழுத வேண்டும். திருத்துபவர் ஒவ்வொரு வாக்கியமும் முந்தினதிலிருந்து வருகிறதா என்று பார்த்து மதிப்பெண் இடுவார்.

உண்மையான வினாக்கள் இவற்றைவிடப் பன்மடங்கு கடினமானவை. இருந்தாலும் வேற்றுமையின் தன்மை இதுதான். பள்ளிப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை முதற்படியிலேயே தடுமாறுவதும், மனக்கணக்கில் வேகமான பிள்ளை இரண்டாம் படியில் வெறுந்தாளுடன் உட்கார்ந்திருப்பதும் இதனாலேயே. மாதிரி வினாத்தாள் வேண்டுமென்றால் முந்தைய ஆண்டுகளின் தாள்களை ஹோமி பாபா மையம் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கிறது. அவற்றை அச்செடுக்கும் செலவு மட்டுமே நமக்கு.

இப்போது அந்த ஓராண்டின் மதிப்பைக் கணக்கிடுவோம். முதற்படியிலிருந்து அடுத்த படிக்குத் தேர்வு செய்யும்போது நாடு முழுவதையும் ஒரே வரிசையில் நிறுத்துவதில்லை. நாடு பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனித்தனியே இடங்கள் ஒதுக்கி, அந்தந்த மண்டலத்து மாணவர்களுக்குள்ளேயே தேர்வு நடைபெறுகிறது. ஆகவே தேறுவதற்கு வேண்டிய மதிப்பெண் மண்டலத்துக்கு மண்டலம், ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். பெண்பிள்ளைகளுக்குக் கூடுதல் இடங்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் படிப்போருக்கு மட்டும் தனி வரிசை; அதில் இடங்கள் மிகக் குறைவு. ஆக, ஒரு பிள்ளைக்கு எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய நான்கு வகுப்புகளே நல்ல வாய்ப்புகள். ஓராண்டு தவறினால் கால் பங்கு போயிற்று என்று பொருள். நம் விவசாயியின் மகள் எட்டாம் வகுப்பில் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஐந்து நாளில் தவறவிட்டாள். நான்கில் இரண்டு போய்விட்டன.

கெடு ஏன் தவறியது என்று பள்ளியில் கேட்டோம். ஒலிம்பியாட் தொடர்பான தாள் ஒன்று வந்திருந்தது. தனியார் பரீட்சை விளம்பரங்களோடு அதுவும் ஒரே கட்டில் கிடந்தது. யாரையும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நம் அலுவலகத்திலும் அப்படிப்பட்ட கட்டுகள் உண்டு. ஆனால் மறு ஆண்டு ஜூன் மாதத்திலேயே நாமும், அவ்வூர் ஊராட்சித் தலைவரும், பள்ளியின் கணித ஆசிரியரும் ஒருங்கே உட்கார்ந்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடம் இருக்கிறதல்லவா? அந்தக் குழுவிலே இதை ஒரு பொருளாக வைத்தோம்.

பெயர் பதியும் முறை இதுதான். சங்கத்தின் இணையதளமாகிய mtai.org.in என்பதில் ஜூன் பிற்பகுதியிலிருந்தே அறிவிப்பை எதிர்பார்த்திருக்க வேண்டும். பள்ளி முதலில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியரின் பெயரும், தொலைபேசி எண்ணும், மின்னஞ்சல் முகவரியும் கொடுக்கப்பட வேண்டும். பின்னர் மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு முதலிய விவரங்களும் கட்டணமும் செலுத்தப்படும். பள்ளி பதிவு செய்துகொள்ளாத இடத்திலும் பிள்ளைக்கு வழி அடைபட்டுவிடுவதில்லை; பக்கத்தில் பதிவு பெற்ற மையத்தைத் தேர்ந்துகொண்டு பெயர் கொடுக்கலாம். ஆனால் அதைத் தேடி அலைவது தகப்பனாரின் வேலையாகிவிடும். கெடுவுக்குப் பின் கெஞ்சிப் பயனில்லை. கட்டணம் சில நூறு ரூபாய்; அதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்தே வசூலிக்க வேண்டும். வினாத்தாள் எந்தெந்த மொழிகளில் கிடைக்கும் என்பதையும் அதே அறிவிப்பில் பார்த்துவிட வேண்டும். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு இது அற்ப விஷயமன்று.

நம் பள்ளியில் பதினொரு பிள்ளைகள் பெயர் கொடுத்தார்கள். ஆறு பேருக்குப் பெற்றோரே கட்டணம் கட்டினர். ஐவருக்கு முன்னாள் மாணவர்கள் உதவினர். விவரங்களை ஏற்றுவதற்கு முன் கணித ஆசிரியர் ஒரு நல்ல காரியம் செய்தார். பதினொரு பேரின் விவரங்களையும் ஒரு தாளில் எழுதி, அவரவர் வீட்டுக்கு அனுப்பிப் பெற்றோரின் கையொப்பம் வாங்கினார். அதில் மூன்று பிழைகள் அகப்பட்டன.

ஒரு பையனின் பிறந்த தேதி பள்ளிப் பதிவேட்டில் ஒன்றாகவும் ஆதார் அட்டையில் வேறொன்றாகவும் இருந்தது. வீட்டில் நல்ல நாள் பார்த்துப் பள்ளியில் சேர்த்தபோது சௌகரியத்துக்காக ஒரு தேதி சொல்லியிருக்கிறார்கள். இது நம் ஊர்களில் புதுமையன்று. முதற்படியில் யாரும் இதைத் தோண்டிப் பார்க்காமல் போகலாம். ஆனால் மேலே செல்லச் செல்லப் பிறந்த தேதிக்கும் படிக்கும் வகுப்புக்கும் சான்று கேட்பார்கள். அப்போது நேரம் சில நாட்களே இருக்கும். தேதியைத் திருத்தும் வேலை சில நாட்களில் முடிவதன்று என்பது நம் அலுவலகங்களை நாடிவரும் தங்களுக்கே தெரியும். ஆகவே அதை ஜூன் மாதத்தில் கண்டுபிடிப்பதே நலம்.

இரண்டாவது பிழை முன்னெழுத்தைப் பற்றியது. ஒரு சான்றில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது. மற்றொன்றில் தகப்பனாரின் முழுப்பெயர் பின்னால் நிற்கிறது. வட நாட்டில் திருத்துபவருக்கு இவர்கள் இரண்டு வேறு ஆட்களாகவே தோன்றும். பள்ளிப் பதிவேட்டில் உள்ளதை அப்படியே எங்கும் எழுதுவது என்று முடிவு செய்தோம்.

மூன்றாவது பிழை நமக்கே வியப்பாக இருந்தது. இரண்டு பிள்ளைகளின் விண்ணப்பத்தில் தொலைபேசி எண்ணாகக் கடைத்தெருக் கணினி மையக்காரரின் எண் எழுதப்பட்டிருந்தது! முன்பு ஏதோ உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது அவர் தம் எண்ணையே இட்டிருக்கிறார். பிள்ளைகள் அதையே தங்கள் எண் என்று எழுதிவிட்டார்கள். அனுமதிச் சீட்டு வந்த செய்தியும், தேறிய செய்தியும் அந்த எண்ணுக்குத்தான் போகும். அவர் நல்லவர்தாம், ஆனால் நூறு பேரின் செய்திகள் வரும் தொலைபேசியில் இச்செய்தியை அவர் தேடிக்கொண்டிருப்பாரா? தகப்பனாரிடமோ தாயாரிடமோ தொலைபேசி இல்லாத வீட்டுக்குப் பொறுப்பாசிரியரின் எண்ணைக் கொடுப்பதே தக்கது.

மண்டலத்தைப் பற்றியும் ஒரு சொல். எல்லையோரக் கிராமங்களில் அண்டை மாநிலப் பட்டணம் பக்கத்தில் இருக்கும். மையம் பக்கமாக இருக்கிறதே என்று அங்கே குறித்துவிடக் கூடாது. பிள்ளை படிக்கும் பள்ளி எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அதன் வரிசையிலேதான் அவன் நிற்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே சங்கத்தாருக்கு எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

அனுமதிச் சீட்டு பரீட்சைக்குச் சில நாட்கள் முன்னதாக இணையத்தில் கிடைக்கும். அதை யாரும் தபாலில் அனுப்பமாட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு மையம் நாற்பத்தாறு கிலோமீட்டர் தொலைவில் மாவட்டத் தலைநகரில் விழுந்தது. பரீட்சை காலை பத்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமையில் முதற் பஸ் ஏழு இருபதுக்குத்தான். அது சாதாரண நாளில்கூட ஒன்பதே காலுக்குத்தான் போய்ச் சேரும். ஒன்பது மணி முதல் உள்ளே வரவேண்டும் என்று சீட்டில் கண்டிருந்தது. ஊராட்சித் தலைவர் தம் உறவினரின் வேனை ஏற்பாடு செய்தார். இரண்டு தாய்மார்களும் உடன் சென்றார்கள். இதைப் பெரிய தொண்டு என்று சொல்லவில்லை. ஆனால் வேன் இல்லாவிட்டால் பெண்பிள்ளைகள் நால்வரில் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்பது நமக்குச் சந்தேகமே.

பரீட்சை எப்படி நடந்தது? பதினொருவரில் ஒருவரும் இரண்டாம் படிக்குத் தேறவில்லை. அதை மறைப்பதில் பயனில்லை. முதல் முறை என்பதால் அதில் அதிசயமும் இல்லை. நிலக்கடலைக்காரரின் மகள், இப்போது பத்தாம் வகுப்பு, விடைத்திறவு வெளியானவுடன் தன் வினாத்தாளின் ஓரத்தில் குறித்து வைத்திருந்த விடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஆறு, மூன்று மதிப்பெண் வினாக்களில் மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்களில் இரண்டு சரியாக இருந்தன. பன்னிரண்டும் ஒன்பதும் பத்தும் முப்பத்தொன்று. ஆனால் கிடைத்தது இருபத்தாறு.

ஐந்து மதிப்பெண் எங்கே போயிற்று? ஆசிரியர் அவளை உட்காரவைத்து, விடைத்தாளில் எப்படிக் குறித்தாய் என்று போட்டுக் காட்டச் சொன்னார். விடைத்தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு வரிசை வட்டங்கள் உண்டு. முதல் வரிசை பத்தாம் தானத்துக்கு. அடுத்தது ஒன்றாம் தானத்துக்கு. விடை ஏழு என்றால் முதல் வரிசையில் பூஜ்யத்தையும், இரண்டாம் வரிசையில் ஏழையும் கறுப்பாக்க வேண்டும். அவள் முதல் வரிசையில் ஏழைக் கறுப்பாக்கி, இரண்டாவதை வெறுமையாக விட்டிருக்கிறாள். கணக்கு சரி, குறித்த இடம் தவறு. இயந்திரம் படிக்கும் தாளில் இதற்கு மன்னிப்பு இல்லை. அந்த ஐந்து சேர்ந்திருந்தால் தேறியிருப்பாள் என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் நாற்பத்தாறு கிலோமீட்டர் சென்று, மூன்று மணி நேரம் எழுதி, கணக்குத் தெரிந்தும் ஐந்து மதிப்பெண் இழப்பது வருத்தத்துக்குரியது. இவ்விடைத்தாளின் மாதிரியை அச்செடுத்து, ஆகஸ்டு மாதத்தில் இரண்டு மூன்று முறை பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழக்கினால் இது நேராது. இந்தப் பழக்கம் தனியார் பரீட்சைகளால் வராது. அங்கே பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் முறை.

விஞ்ஞானப் பாடங்களைப் பற்றியும் சிலர் கேட்டீர்கள். பௌதிகம், இரசாயனம், உயிரியல், வானவியல் ஆகியவற்றுக்கும், பத்தாம் வகுப்பு வரையுள்ளோருக்கான இளநிலை விஞ்ஞானத்துக்கும் இதைப் போன்றே தனித்தனி ஏணிகள் உண்டு. முதற்படியை நடத்துவது இந்தியப் பௌதிக ஆசிரியர் சங்கம். பரீட்சை நவம்பர் மாதத்தில். இரண்டாம் படி முதல் ஹோமி பாபா மையமே நடத்துகிறது. பதிவு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நடைபெறும். மையமாக இருக்க விரும்பும் பள்ளி அதற்கும் முன்னதாகவே பதிந்துகொள்ள வேண்டும். ஒரு வேற்றுமையை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: அங்கே வினாத்தாளின் பெரும்பகுதியில் தவறான விடைக்கு மதிப்பெண் கழியும். கணிதத் தேர்வில் தெரியாத வினாவுக்கும் ஊகித்து ஓர் எண்ணைக் குறித்துவிட்டு வரலாம். அங்கே அந்த வழக்கம் கையைக் கடிக்கும்.

ஒருவர் எழுந்து, நம் ஒன்றியத்திலேயே ஒரு மையம் அமைய முடியாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. மையத்துக்குப் போதுமான எண்ணிக்கையில் மாணவர்கள் வேண்டும், மேற்பார்வைக்கு ஆசிரியர்கள் வேண்டும், வினாத்தாளைப் பத்திரமாக வைத்திருக்க ஏற்பாடு வேண்டும். ஒரு பள்ளியில் பதினொரு பேர் என்றால் ஆகாது. ஒன்றியத்தில் உள்ள எல்லா உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளும் சேர்ந்து பெயர் கொடுத்தால் கேட்டுப் பார்க்கலாம். இதற்காக ஒவ்வொரு பள்ளியிலும் எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை கணக்கில் ஆர்வம் உள்ள பிள்ளைகளின் பட்டியல் ஒன்றை ஜூன் மாத இறுதிக்குள் எடுத்துத் தருமாறு தலைமை ஆசிரியர்களுக்கு எழுதியிருக்கிறோம். தங்கள் ஊர்ப் பள்ளியின் பட்டியல் போயிற்றா என்று விசாரிப்பது தங்கள் வேலை. பள்ளி மேலாண்மைக் குழுவின் ஜூலைக் கூட்டத்தில் இதைக் கேட்டுவிடலாம்.

அந்த விவசாயி சென்ற வாரம் மகளுடன் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்திருந்தார். அவள் இவ்வாண்டு பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறாள். பெரிய வரிசையில் அவளுக்கு இது கடைசி ஆண்டு. பழைய வினாத்தாள்களை நம் அலுவலக அச்சுப்பொறியில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டாள். இரண்டாம் படியின் தாள்களையும் சேர்த்தே கேட்டாள். எடுத்துக் கொடுத்தோம்.